பத்து நிமிட மாற்றம்: நோன்பு மாதப் பணிநேரம் குறித்து ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆலை மேலாளர் அவர்களுக்கும் மனிதவளத் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

கடந்த வாரம் நேர அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கை தொடர்பாக இந்த மடலை எழுதுகிறேன். சமயக் காரணங்களுக்காக ஷிப்ட் மாற்றமோ இடைவேளை மாற்றமோ இனி அனுமதிக்கப்படாது என்றும், தேவைப்படுவோர் தங்கள் விடுப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் அதில் கூறப்பட்டுள்ளது. ரமலான் நோன்பு தொடங்க ஏறத்தாழ ஆறு வாரங்களே இருக்கும் நிலையில் வந்திருக்கும் இந்த முடிவை, அலுமினிய வார்ப்புப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்துவருபவன் என்ற முறையில் என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. இதை நேரில் சொல்ல இருமுறை முயன்றேன். இரண்டு முறையும் சுற்றறிக்கையின் வாசகமே எனக்குப் பதிலாக வாசித்துக் காட்டப்பட்டதால், என்னுடன் வேலை செய்யும் அனைவரும் படிக்கும்படி பொதுவில் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு வரை இது எழுதப்படாத ஏற்பாடாக நடந்துவந்தது. நோன்பு நோற்பவர் தம்முடன் ஒரே இயந்திரத்தில் வேலை செய்யும் மற்றொருவரிடம் கேட்பார், அவர் சம்மதித்தால் இருவரும் சூப்பர்வைசரின் பதிவேட்டில் கையெழுத்திட்டு ஷிப்டையோ இடைவேளையையோ மாற்றிக்கொள்வார்கள். இதற்கு ஈடாக நாங்களும் செய்திருக்கிறோம். உருகிய உலோகத்தைச் சூடாக வைத்திருக்கும் ஹோல்டிங் ஃபர்னஸ்களைத் தீபாவளி என்பதற்காகவோ பொங்கல் என்பதற்காகவோ அணைத்துவிட முடியாது; அணைத்தால் உள்ளே உலோகம் இறுகிவிடும். அந்த நாட்களில் உலைக்குக் காவலாக நின்ற சிறு குழுவில் முஸ்லிம் தொழிலாளர்களும் கிறிஸ்தவத் தொழிலாளர்களும் தாமாகப் பெயர் கொடுத்து நின்றிருக்கிறோம். புதிய ரோஸ்டர் மென்பொருள் வந்தபின் சூப்பர்வைசரின் பதிவேடு நிறுத்தப்பட்டது, மென்பொருளில் இடைவேளையை மாற்றும் வசதி பூட்டப்பட்டது, இப்போது அந்தப் பூட்டே கொள்கையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

நோன்பு நாளின் நேரக்கணக்கு நிர்வாகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதால் அதை முதலில் சொல்கிறேன். வரும் 2027-இல் பிறை தென்படுவதைப் பொறுத்து பிப்ரவரி 8 அல்லது 9 அன்று நோன்பு தொடங்கக்கூடும். அந்த மாதத்தில் நம் பகுதியில், நோன்பு தொடங்கும் முன் உண்ணும் சஹர் உணவை முடிக்க வேண்டிய நேரம் தொடக்கத்தில் அதிகாலை ஏறத்தாழ 5.20 ஆகவும் இறுதியில் ஏறத்தாழ 5.05 ஆகவும் இருக்கும். மாலையில் சூரியன் மறைந்து, நோன்பு திறப்பதற்கான பாங்கு சொல்லும் நேரம் 6.10-க்கும் 6.20-க்கும் இடையில் அமையும். இடைப்பட்ட பதின்மூன்று மணி நேரம் உணவு மட்டுமல்ல, ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது.

இந்தக் கணக்கை நம் மூன்று ஷிப்டுகளின் மேல் வைத்துப் பார்த்தால் எது சிக்கல், எது சிக்கல் அல்ல என்பது தெளிவாகிவிடும். காலை 6 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான ஏ ஷிப்டில், கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால் சஹர் உணவை முக்கால் மணி நேரம் முன்னதாக முடித்துவிட வேண்டும். அது எங்கள் பாடு, அதற்காக எதையும் கேட்கவில்லை. நோன்பு திறக்கும்போது வீட்டில் இருப்போம் என்பதே போதும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான சி ஷிப்டில் சஹர் உணவு வேலை நேரத்துக்குள் வருகிறது. பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரையிலான பி ஷிப்டில் நோன்பு திறக்கும் நேரமே வேலைக்குள் வருகிறது. எங்கள் முறையீடு முழுவதும் இந்த இரண்டு ஷிப்டுகளில் வரும் ஓர் உணவு இடைவேளையையும் ஒரு தேநீர் இடைவேளையையும் பற்றியதுதான்.

பி ஷிப்டில் வார்ப்புப் பிரிவின் பன்னிரண்டு இயந்திரங்களுக்கு, இடைவேளையில் மாற்றாக நிற்கும் ரிலீவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். ஆகவே உணவு இடைவேளை மூன்று தொகுதிகளாகத் தரப்படுகிறது: ஒன்று முதல் நான்கு வரையுள்ள இயந்திரங்களுக்கு 5.50, ஐந்து முதல் எட்டு வரை 6.20, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 6.50. யார் எந்தத் தொகுதி என்பதை அவர் நிற்கும் இயந்திரத்தின் எண் முடிவு செய்கிறது. முதல் தொகுதியில் இருக்கும் நோன்பாளி, பாங்குக்கு இன்னும் இருபது முப்பது நிமிடங்கள் இருக்கும்போது கேன்டீனுக்குப் போய் மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்துவிட்டு, பாங்கு சொல்லும் நேரத்துக்குச் சரியாக இயந்திரத்தின் முன் வந்து நிற்க வேண்டும். அதன்பின் இரவு 10 மணி வரை அவருக்கு உணவு இடைவேளை இல்லை. மூன்றாம் தொகுதியில் இருப்பவர் பாங்குக்குப் பின்னும் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

சென்ற மார்ச் மாதத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்த வாரம் பி ஷிப்டில் பத்தாம் எண் இயந்திரத்தில் நின்றேன். அது நம்மிடம் எஞ்சியிருக்கும் மூன்று பழைய இயந்திரங்களுள் ஒன்று. உலோகத்தை அள்ளி ஊற்றும் தானியங்கி லேடில் கிடையாது, ஒவ்வொரு முறை வார்க்கும் ஷாட்டுக்கும் 650 டிகிரிக்கு மேல் சூடான உலோகத்தைக் கையால் அள்ளி ஊற்ற வேண்டும். அன்று அதிகாலை ஐந்து மணிக்குப் பின் தண்ணீர் குடிக்கவில்லை. 6.15-க்குப் பாங்கு நேரம் வந்துவிட்டது. சட்டைப் பையில் ஒரு பேரீச்சம்பழம் இருந்தது. ஆனால் எண்ணெயும் உலோகத் தூளும் பறக்கும் இடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது ஆலை விதி. அது சரியான விதி என்பதால் நான் அதை மீறவில்லை. ஐந்து நிமிடம் விடுவிக்கும்படி சூப்பர்வைசரிடம் கேட்டேன். என் தொகுதிக்கு 6.50 என்று திரையில் இருப்பதாகவும், அதை மாற்றும் அதிகாரம் தமக்கு இல்லை என்றும் அவர் வருத்தத்துடன் சொன்னார். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

6.40 அளவில் தலை சுற்றியது. அதற்கு முன்பே வியர்வை குறைந்திருந்ததையும் கெண்டைக்காலில் பிடிப்பு வந்திருந்ததையும் கவனித்திருந்தேன். உடலில் நீர் வற்றிவிட்டது என்பதற்கு அவை அடையாளங்கள் என்று நம் பாதுகாப்பு வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அடுத்த ஷாட்டுக்கு ஊற்றும்போது கை நடுங்கி, லேடிலில் இருந்த உலோகத்தில் பாதி வெளியே சிந்தி, என் காலணிக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் பரவியது. அந்த இடத்தில் தரை காய்ந்திருந்தது. வார்ப்பு அச்சான டை மீது தெளிக்கும் நீர் வழிந்து அங்கே தேங்கியிருந்தால் உருகிய அலுமினியம் என்ன செய்யும் என்பதை வார்ப்புப் பிரிவில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது வெடித்துச் சிதறும். நான் மட்டுமல்ல, அருகில் நின்ற இரண்டு பேரும் இன்று இந்த மடலைப் படிக்கும் நிலையில் இருந்திருக்க மாட்டார்கள். முதல் தொகுதி இயந்திரம் ஒன்றில் வார்ப்பு டையில் ஒட்டிக்கொண்டதால் ரிலீவர் தாமதமாக வந்தார். நான் நோன்பு திறந்தபோது மணி 7.05.

அந்த நிகழ்வு, விபத்தாகாமல் தப்பியவற்றை எழுதும் பதிவேட்டில் இருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் 'இயந்திரம் இயக்குபவரின் கவனக்குறைவு' என்று எழுதப்பட்டிருக்கிறது. என் கவனம் குறைந்தது உண்மை. ஆனால் அது ஏன் குறைந்தது, எந்த நேரத்தில் குறைந்தது, அந்த நேரத்தில் நான் ஏன் கையால் ஊற்றும் இயந்திரத்தில் இருந்தேன் என்ற மூன்று கேள்விகளையும் யாரும் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டு விசாரித்திருந்தால் இவை அத்தனையையும் அன்றே சொல்லியிருப்பேன். ஒரு மாதம் முழுவதும் நாள்தோறும் ஒரே நேரத்தில் வரக்கூடிய ஆபத்து, முன்கூட்டியே தேதியும் மணியும் தெரிந்த ஆபத்து, தனிமனிதக் குறையாகப் பதிவாகி மூடப்பட்டிருப்பது எனக்கு நேர்ந்ததைவிட அதிகமாக வருத்துகிறது.

விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்ற பதிலுக்கு வருகிறேன். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில், ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்த ஒருவருக்குக் கிடைக்கும் ஈட்டிய விடுப்பு 12 நாட்கள். நோன்பு 29 அல்லது 30 நாட்கள். ஓராண்டின் விடுப்பு முழுவதையும் கொடுத்தாலும் பாதி மாதம்கூட முடியாது. மிச்ச நாட்களுக்குச் சம்பளப் பிடித்தம், அந்த மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் வருகைப் படி இழப்பு, ஆண்டின் எஞ்சிய பதினொரு மாதங்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் விடுப்பு இல்லாத நிலை என்பதெல்லாம் அதைத் தொடரும். மேலும் நாங்கள் யாரும் வேலையிலிருந்து விலகி இருக்க விரும்பவில்லை. நோன்பு வைத்துக்கொண்டு வேலை செய்யவே விரும்புகிறோம்.

மனிதவளத் துறை அலுவலர் ஒருவர், கடின உழைப்பில் இருப்பவர் நோன்பை விட உங்கள் மார்க்கமே அனுமதிக்கிறதே என்று என்னிடம் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதால் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு. விட்ட நோன்பைப் பின்னர் களாவாக நோற்க வேண்டும் என்ற கடமையும் அதனுடன் உண்டு. தலை சுற்றிய அந்த நாளுக்கு மறுநாள் காய்ச்சல் கண்டதால் நோன்பை விட்டேன். ஷவ்வால் மாதத்தில் அதை நோற்று ஈடு செய்தேன். உடல் தாங்காதபோது அந்தச் சலுகையைப் பயன்படுத்துவேன், அதில் வீம்பு கிடையாது. ஆனால் இடைவேளையைப் பத்து நிமிடம் நகர்த்தினால் தீர்ந்துவிடும் ஒன்றுக்காக ஒரு கடமையை மாதம் முழுவதும் விட்டுவிடும்படி கேட்பது முறையாகாது. அந்தச் சலுகை எப்போது பொருந்தும் என்பதை நோன்பு நோற்பவரும் அவர் கலந்தாலோசிக்கும் ஆலிமும் மருத்துவரும் முடிவு செய்யட்டும்.

இந்த ஆலையில் இதற்கு முன்மாதிரி இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கார்த்திகையிலும் மாலை போட்டுக்கொள்ளும் ஐயப்ப சாமிமார் 41 நாள் விரதத்தில் காலணி அணிவதில்லை. வார்ப்புப் பிரிவில் பாதுகாப்புக் காலணி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. அந்த விதியை நிர்வாகம் ஒருபோதும் தளர்த்தவில்லை, தளர்த்தவும் கூடாது. அதற்குப் பதிலாக அவர்களை அந்த நாட்களுக்கு மட்டும் காலணி கட்டாயமில்லாத ஆவணப் பணிக்கும் சரிபார்ப்பு மேசைக்கும் மாற்றியது. அவர்களுடைய வேலையை அந்த நாட்களில் நாங்கள் பகிர்ந்து செய்தோம், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. விதியைத் தொடாமல் ஆளின் இடத்தை மாற்றிய அந்த முறை மிக நல்ல முறை. புதிய சுற்றறிக்கையின்படி வரும் கார்த்திகையில் அவர்களுக்கும் அது கிடைக்காது. அவர்களில் பலர் இந்த மடலில் தங்கள் பிரச்சினையையும் சேர்க்கச் சொன்னார்கள்.

நோன்பாளிகள் அனைவரையும் மாதம் முழுவதும் ஏ ஷிப்டில் போடும்படி நான் கேட்கவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்களில் சிலர் அப்படிக் கேட்க வேண்டும் என்றார்கள். அப்படிச் செய்தால் எங்களுடைய பி ஷிப்டும் சி ஷிப்டும் மற்றவர்கள் தலையில் விழும். நான்கு வாரம் தொடர்ந்து இரவு வேலை செய்பவரின் உடம்பு என்னவாகும் என்பது எனக்குத் தெரியும். என் நோன்பின் சுமையை இன்னொருவர் தூக்கத்திலிருந்து எடுக்க நான் விரும்பவில்லை. வாரச் சுழற்சி அப்படியே இருக்கட்டும். வேலை நேரத்தையும் ஒரு நிமிடம்கூடக் குறைக்க வேண்டாம். தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் 2025 ரமலானில் முஸ்லிம் அரசுப் பணியாளர்கள் மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாகச் செல்ல அனுமதிக்கப்பட்டார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் நிறுவனங்களிலும் ரமலானில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் குறைக்கப்படுகிறது. தொடர்ந்து எரியும் உலைகளை வைத்திருக்கும் ஆலையில் அதைக் கேட்பது நியாயமில்லை என்பதால் நாங்கள் அதைக் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது எவ்வளவு சிறியது என்பதை மேலே சொன்ன மூன்று தொகுதிகளை வைத்தே காட்டலாம். 5.50, 6.20, 6.50 என்பதை 5.40, 6.10, 6.40 என்று மாற்றி, நோன்பு நோற்பவர்களை நடுத் தொகுதியில் வைத்தால் பிரச்சினை முடிந்துவிடுகிறது. 6.10-க்கு இயந்திரத்தை ரிலீவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கை கால் கழுவி கேன்டீனுக்குப் போய்ச் சேர ஐந்தாறு நிமிடம் ஆகும். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிப் தொழுதுவிட்டு 6.40-க்குத் திரும்பிவிடலாம். வார்ப்புப் பிரிவில் நோன்பு நோற்பவர்கள் மொத்தம் பதினொரு பேர். அவர்கள் மூன்று ஷிப்டுகளில் பிரிந்திருப்பதால் ஒரு ஷிப்டுக்கு மூன்று அல்லது நான்கு பேர்தான் வருவார்கள். நடுத் தொகுதியில் நான்கு இயந்திரங்கள் இருக்கின்றன. கூடுதல் ரிலீவர் ஒருவரும் தேவையில்லை, ஒரு ஷாட்டும் குறையாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேர இடைவேளை தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்து நம் ஆலை பின்பற்றிவரும் கணக்கையும் பார்த்துவிட்டேன். 2 மணிக்கு வந்தவர் 6.10-க்கு இடைவேளை எடுத்தால் முன்பகுதி நான்கு மணி பத்து நிமிடம், பின்பகுதி மூன்று மணி இருபது நிமிடம். மற்ற இரு தொகுதிகளும் இந்த வரம்புக்குள்ளேயே அமைகின்றன.

சி ஷிப்டில் 1.30 மணி உணவு இடைவேளையை 4.30-க்குத் தள்ளச் சொல்ல முடியாது. தள்ளினால் இதே ஐந்து மணி நேர வரம்பு மீறப்படும். ஆகவே அதை விட்டுவிடுகிறோம். நள்ளிரவு 12 மணிக்கும் 3.30-க்கும் தரப்படும் பத்து நிமிடத் தேநீர் இடைவேளைகள் இரண்டையும் நோன்பு நோற்பவர்களுக்கு மட்டும் ஒன்றாக்கி 4.30-க்கு இருபது நிமிடமாகத் தந்தால் போதும். இப்போது கேன்டீன் 3.45-க்கு மூடப்படுவதால் கடைசித் தண்ணீரை 3.40-க்கே குடித்துவிட்டு மறுநாள் நோன்பைத் தொடங்குகிறோம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கும் இரண்டு குவளைத் தண்ணீருக்கு உலை அருகில் நிற்பவரிடம் எவ்வளவு மதிப்பு என்பது நின்றவர்களுக்குத் தெரியும்.

ஷிப்ட் தொடர்பான மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று மனிதவளத் துறை ஓர் இடையூறாகக் குறிப்பிட்டது. அந்த விதி தொழிலாளியின் பாதுகாப்புக்காக இருப்பது. நிர்வாகமும் தொழிலாளர் பிரதிநிதிகளும் உடன்படிக்கை செய்து அதன்படி மாற்றினால் அந்த முன்னறிவிப்பு தேவையில்லை என்று அதே விதி சொல்கிறது. முன்னறிவிப்பு வழியையே நிர்வாகம் விரும்பினாலும் இன்று தொடங்கினால் போதிய நாட்கள் இருக்கின்றன. பிறையால் ஒரு நாள் முன்பின் ஆகும் என்பதும் தடையாகாது. மாற்றத்தைப் பிப்ரவரி 8 முதல் மார்ச் 10 வரை என்று தேதியிட்டுப் பதிவு செய்துவிட்டால், நோன்பு ஒரு நாள் பிந்தித் தொடங்கினாலும் யாருக்கும் நட்டமில்லை.

ஆகவே நிர்வாகத்திடம் நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையில் உள்ள இடைவேளை மாற்றத் தடையை விலக்கி, 2027 பிப்ரவரி 8 முதல் மார்ச் 10 வரை பி ஷிப்டின் உணவு இடைவேளைத் தொகுதிகளைப் பத்து நிமிடம் முன்னகர்த்தவும், நோன்பு நோற்பதாக எழுதிக் கொடுப்பவர்களை இயந்திர எண்ணைப் பாராமல் நடுத் தொகுதியில் சேர்க்கவும் ஆணையிடுங்கள். அதே நாட்களில் சி ஷிப்டின் இரு தேநீர் இடைவேளைகளை அவர்களுக்கு 4.30-க்கு ஒன்றாக்கி, 4.50 வரை கேன்டீனைத் திறந்துவைக்கச் செய்யுங்கள். கையால் ஊற்றும் மூன்று இயந்திரங்களில் ஏ ஷிப்டின் நண்பகலுக்குப் பின்னும், பி ஷிப்டில் நோன்பு திறக்கும் வரையிலும் நோன்பாளிகளை நிறுத்தாமல், தானியங்கி லேடில் உள்ள இயந்திரங்களுடன் ஆளை மாற்றுங்கள். எங்கள் பதினொரு பேருக்கும் இரண்டு வகை இயந்திரங்களிலும் தேர்ச்சி உண்டு என்பது திறன் அட்டவணையிலேயே இருக்கிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களை நோன்பு தொடங்கும் முன் ஆலை மருத்துவர் ஒருமுறை பார்த்து, யார் உலைக்கு அருகில் நிற்கக் கூடாது என்று எழுதித் தரட்டும். அவர் சொல்வதற்குக் கட்டுப்படுவோம். தலைசுற்றல் வந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொல்வோம், தேவைப்பட்டால் அங்கேயே நோன்பை முறித்துக்கொள்வோம் என்று பதினொரு பேரும் கையெழுத்திட்டுத் தருகிறோம்.

விரதமிருக்கும் ஐயப்ப சாமிமாருக்கு இதுவரை இருந்த தற்காலிகப் பணியிட மாற்றத்தையும் இதே ஆணையில் எழுத்தில் சேர்க்க வேண்டுகிறேன். சென்ற மார்ச் மாதப் பதிவை மீண்டும் திறந்து, காரணம் என்ற கட்டத்தில் இடைவேளைத் தாமதத்தையும் சேர்த்து எழுத வேண்டும். மார்ச் 10-க்குப் பின் எல்லா நேரங்களும் தாமாகப் பழைய நிலைக்குத் திரும்பட்டும். இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்க இயலாது, ஏன் என்பதை ஜனவரி 10-ஆம் தேதிக்குள் எழுத்துமூலம் தெரிவித்து, தொழிலாளர் பிரதிநிதிகளுடன் பேச ஒரு நாளையும் குறித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
அலுமினிய வார்ப்புப் பிரிவு, பத்தாம் எண் இயந்திரத் தொழிலாளி
ஒரகடம்